தேசிக்காய்க்கு விஞ்ஞானம் தேடுறதை விட்டிட்டு ஸ்பானரைக் காட்டுங்கோ

தேசிக்காயில சிட்ரிக் அமிலம் இருக்காம். முந்தின காலத்தில மாட்டு வண்டிலும் குதிரை வண்டிலும் புறப்படேக்க மாடும் குதிரையும் அதை மிதிச்சால் குளம்பில இருக்கிற புண் ஆறுமாம், கிருமி சாகுமாம். "எங்கட முன்னோர் முட்டாள்கள் இல்லை" என்று முடியும் அந்த வீடியோ. ஒவ்வொரு வருசமும் நவராத்திரி ஒன்பதாம் நாள் கிட்ட வரேக்க, ஆயுத பூசையை ஒரு நிமிசத்தில விளங்கப்படுத்துறம் என்று வாற எல்லா வீடியோவிலயும் இது வந்திடும். பேசுறவர் மாறுவார், பின்னணி இசை மாறும், சிட்ரிக் அமிலம் மட்டும் மாறாது.

இந்த விளக்கம் பொய் என்று கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. வண்டில் மாட்டின் குளம்புக்கு இரும்பு லாடம் அடிப்பார்கள். லாடம் அடிச்ச காலால் ஒருக்கா மிதிபட்டு நசுங்கிற தேசிக்காய் எந்தப் புண்ணைத் தேடிப் போய் ஆற்றும்? சரி, காலுக்குத்தான் என்று வைப்பம். அப்ப கடை வாசலில பச்சை மிளகாயோட சேர்த்துக் கட்டித் தொங்கவிடுற தேசிக்காய் ஆருடைய காலுக்கு? இரண்டாய் வெட்டிக் குங்குமம் பூசி எறியிறது என்ன வைத்தியம்? ஓட்டோவுக்கு மூன்று, காருக்கு நாலு என்று சில்லுக்கு ஒன்றாய் எண்ணி வைக்கிறம். றபர் ரயருக்கு என்ன கிருமி?

இந்த எல்லா இடத்திலயும் தேசிக்காய் செய்யிற வேலை ஒன்றுதான்: கண்ணூறு கழிக்கிறது. பொறாமையோட பார்த்த பார்வை பொருளில ஒட்டியிருக்கும், அதை ஒரு காயில இறக்கி நசுக்கினால் போயிடும் என்ற நம்பிக்கை. நீங்கள் அதை நம்பலாம், நம்பாமல் விடலாம், நான் நம்புறதில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கிற பயம் உண்மையானது. அதை வீடியோவில சொல்லாமல், அதுக்குப் பதிலாய் பள்ளிக்கூட இரசாயனவியலைக் கொண்டுவந்து ஒட்டுறதுதான் என்னுடைய முதல் கோபம்.

என்ன பயம் என்றால், இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடையில் ஐந்து வருசம் எங்கட ஒழுங்கைகளில் "புது வாகனம்" என்று பூசை போட்டதில் பெரும்பகுதி ஆரோ ஓடி முடிச்ச வாகனம்தான். அதையும் கடனில்தான் எடுக்கிறம். லீசிங்கில் எடுத்த ஓட்டோவின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கோ: ஓட்டுறவர் பதிவுசெய்த உரிமையாளர், முழு உரிமையாளர் என்ற இடத்தில் இருக்கிறது நிதிக் கம்பனியின்ர பெயர். தவணை பிந்தினால் வந்து இழுத்துக்கொண்டு போகலாம். அந்த மனுசன் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைக்கேக்க விபத்துக்கு மட்டும் பயப்படேல்லை. மாதக் கட்டுக்காசுக்கும் பயப்படுறார். பக்கத்து வீட்டுக் கண்ணுக்கும் பயப்படுறார். இதை பதினைந்து செக்கனில் சொல்லலாம். அமிலக் கதைக்கு எடுக்கிற நேரம் அதைவிடக் கூட.

ஆனால் பெரிய பிழை இன்னொன்று. இந்த வீடியோக்கள் இரண்டு வேற வேற பூசையை ஒன்றாக்கிப் போட்டுவிடுகின்றன.

புது வாகனப் பூசை எந்த நல்ல நாளிலும் நடக்கும். கோயில் வாசலில வாகனத்தை நிப்பாட்டி, ஐயரிட்ட அர்ச்சனைத் தட்டைக் குடுத்து, ஸ்ரியறிங்கில சந்தனமும் குங்குமமும் வைச்சு, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைச்சு, தேசிக்காய்க்கு மேலால ஏத்தி எடுக்கிறது. வாங்கின ஆளுக்கும் கோயிலுக்கும் இடையில நடக்கிற காரியம் அது. ஆயுத பூசை அப்படியில்லை. அது வேலை செய்யிற இடத்தில, வேலை செய்யிற ஆள், ஏற்கனவே பாவிச்ச ஆயுதத்துக்குச் செய்யிறது. ஐயர் வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம். புதுசு என்பது அங்க முக்கியமே இல்லை. பத்து வருசம் தேய்ஞ்ச உளிக்குத்தான் முதல் பொட்டு.

வீடியோ எடுக்கிறவை ஏன் முதலாவதையே எடுக்கினம் என்று எனக்கு விளங்கும். பளபளக்கிற கார் கமராவுக்கு நல்லாயிருக்கும், கோபுரம் பின்னால தெரியும். ஆனால் அதை எடுத்துப்போட்டு "உழைப்பாளிகளின் திருநாள்" என்று தலைப்பு வைக்கேக்க, உழைக்கிறவனின்ர நாள் வாங்கினவனின்ர நாளாய் மாறிப்போகுது.

இதில ஒரு வரலாற்று வேடிக்கையும் இருக்கு. இந்தப் பண்டிகையின் பழைய பெரிய உருவம் அரசர்களுடையது. விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520 அளவில் வந்த போர்த்துக்கேயர் டொமிங்கோ பாயஸ் ஒன்பது நாள் விழாவைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அலங்கரித்த குதிரைகளும் யானைகளும் அரசனுக்கு முன்னால் வருகின்றன, படை அணிவகுக்கிறது. ஆயுதம் என்றால் அங்க வாளும் வேலும். பாண்டவர் ஒரு வருசம் மறைஞ்சிருக்கப் போகேக்க வன்னி மரத்தில ஆயுதங்களைக் கட்டி வைச்ச கதையும் போராளிகளின் கதைதான். அந்த இடத்தில இருந்து இந்த நாள் தச்சு வேலை செய்யிறவையிட்டயும் கராஜ்காரரிட்டயும் வந்து சேர்ந்திருக்கு. வாளுக்கு இருந்த மரியாதையை ஸ்பானருக்கு வாங்கிக் குடுத்தது உழைக்கிற சனம். ஒரு நிமிச வீடியோ அதைத் திரும்பவும் ராசாவிட்ட, அதாவது கார் வாங்கினவரிட்ட, ஒப்படைக்குது.

அதோட, இங்க அந்த நாள் விடுமுறையும் இல்லை. தமிழ்நாட்டில ஆயுத பூசைக்கு அரச விடுமுறை. இலங்கையின் பொது விடுமுறைப் பட்டியலில தைப்பொங்கல் இருக்கு, சிவராத்திரி இருக்கு, தீபாவளி இருக்கு, நவராத்திரி இல்லை. நாட்கூலிக்குப் போறவர் அன்றைக்கு ஆயுதத்தைக் கீழ வைச்சால் அன்றைய காசு இல்லை. ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கிற பண்டிகை என்று இனிமையாய்ச் சொல்லுறவை, அந்த ஓய்வுக்கு ஆர் காசு கட்டுறது என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேணும்.

"அப்ப நீயே எடுத்துக் காட்டன்" என்று கேட்பீர்கள். சரி. ஒரு நிமிசத்துக்கு நிதானமாய்க் கதைத்தால் நூறு சொல் அளவுதான் போகும். அதால ஒரு கதைதான் சொல்லலாம். மகிஷாசுரன், பாண்டவர், சரஸ்வதி, தேசிக்காய் எல்லாத்தையும் அடைச்சால் ஒன்றும் நிக்காது. ஒரு தச்சுப் பட்டறையை எடுங்கோ.

முதல் இருபது செக்கன் துப்புரவாக்கிறது. பூசைக்கு முதல் நாள் பின்னேரம் வாள், உளி, சீவுளி, கொட்டாப்புளி எல்லாம் வெளியில வரும். மண்ணெண்ணெயில நனைச்ச பழந்துணியால பிசினையும் அழுக்கையும் துடைச்சு எடுப்பினம். வாயில்லாத ஆயுதம் கதைக்கிற நேரம் அது: பிடியில வெடிப்பு, வாளில மழுங்கின பல்லு, சீவுளியின் அலகில சின்னப் பள்ளம் எல்லாம் அப்பதான் கண்ணில படும். இதைச் சொன்னவுடன ஆரோ ஒருவர் "பாத்தியா, பராமரிப்புக்காகத்தான் முன்னோர் வைச்சவை" என்று எழும்புவார். தயவுசெய்து வேண்டாம். பராமரிப்புக்கு ஒரு கடவுள் தேவையில்லை. அவர் ஆயுதத்தைக் கும்பிடுறதுக்காகத் துடைக்கிறார், துடைக்கேக்க வெடிப்பைக் காணுறார். அந்த ஒழுங்கை மாத்தாதேங்கோ.

அடுத்த பத்து செக்கன் பொட்டுக்கு. கமராவைக் கிட்டக் கொண்டு போங்கோ. அனுபவமுள்ள கை சந்தனத்தை மரப்பிடியிலதான் வைக்கும், இரும்பில வைக்கிறதெண்டால் முதல் எண்ணெய் பூசும். சந்தனத்தில தண்ணி இருக்கு. வெறும் உருக்கு அலகில ராத்திரி முழுக்கக் கிடந்தால் விடியப் பொட்டு இருந்த இடத்தில துரு இருக்கும். பக்தியும் தொழிலறிவும் ஒரு விரல் நுனியில சேர்ந்து நிக்கிற இடம் அது. இவ்வளவு நாளும் இதை ஒரு வீடியோவிலயும் நான் காணேல்லை. மின்சார ரம்பமும் கிறைண்டரும் இருந்தால் பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் பொட்டு. தூசியும் தின்னரும் இருக்கிற பட்டறையில கற்பூரத்தட்டு வெளி வாசலுக்குக் கிட்ட இருக்க வேணும், அதையும் படத்தில காட்டலாம்.

பிறகு படையல்: வாழையிலையில அவல், கடலை, மோதகம், பழம். அதில நிண்டு மினக்கெட வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தை வேற ஆயுதங்களுக்குக் குடுங்கோ. சலூன்காரரின் கத்தரிக்கோல், மேசனின் சாந்தகப்பை, கள்ளுச் சீவுற கத்தி, வீதி கூட்டுற தும்புத்தடி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு செக்கன் போதும். இதில பாதி ஆயுதங்கள் ஏன் எந்த ஆயுத பூசை வீடியோவிலயும் வாறதில்லை என்று கேட்டால், கமராவுக்கு அழகில்லை என்று சொல்லுவினம். அழகுப் பிரச்சினை இல்லை இது. இந்த ஆயுதங்களைப் பிடிச்ச கைகளில பலதுக்கு, கோயிலுக்குள்ள விடுங்கோ என்று 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில போராட வேண்டி வந்தது. அதுக்கு முதலே, 1957இல், சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தும் போராட வேண்டி வந்தது. கோயில் வாசலை மட்டும் பின்னணியாய் வைச்சு "உழைப்பாளிகளின் நாள்" எடுக்கிறவை இதைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறது நல்லது.

கடைசிப் பத்து செக்கனை விஜயதசமி காலைக்கு விட்டு வையுங்கோ. பின்னேரம் கோயிலில மானம்பூவுக்கு வாழை வெட்டு இருக்கும், அதுக்கு ஆயிரம் வீடியோ வரும். நீங்கள் பட்டறைக்குப் போங்கோ. அவர் உளியை எடுத்து, பொட்டைத் துடைக்காமல், ஒரு கழிவுப் பலகைத் துண்டில முதல் வெட்டு வெட்டுவார். குரல் வேண்டாம், எழுத்து வேண்டாம். கொட்டாப்புளி விழுற சத்தம் மட்டும் கேட்கட்டும், அதுக்கு மேல பாட்டைப் போட்டிடாதேங்கோ.