தருமபுரியில் 300 எம்பிபிஎஸ் போட்டாலும் கேமில் ‘பிங்’ குறையாதது ஏன்? ஒளியின் வேகம் போடும் கணக்கு!

“300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாச்சு, ஆனா கேம்ல பிங் அப்படியேதான் இருக்கு” - ஃபைபர் இணைப்பு வாங்கிய பலரும் சொல்லும் புகார் இது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் கொண்டு செல்லும் பணி எடுக்கப்பட்ட பிறகு, தருமபுரி மாவட்ட கிராமங்களிலும் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். பிளானை மாற்றினால் பிங் குறையுமா?

எம்பிபிஎஸ் வேறு, பிங் வேறு

ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா வரும் என்பதைச் சொல்வது எம்பிபிஎஸ். நம் போனில் இருந்து கிளம்பும் ஒரு சின்ன தகவல் சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரம்தான் பிங். இது மில்லி விநாடியில், அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கப்படுகிறது.

தொப்பூர் கணவாய் சாலையை எட்டு வழியாக அகலப்படுத்தினால் ஒரே நேரத்தில் நிறைய வண்டிகள் போகலாம். ஆனால் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கிலோமீட்டர்கூட குறையாது. பெரிய பிளானும் அப்படித்தான். சாலை அகலமாகும், தூரம் மாறாது.

100 கிலோமீட்டருக்கு 1 மில்லி விநாடி

வெற்றிடத்தில் ஒளி விநாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கண்ணாடிக்குள் அது மெதுவாகிவிடும். கேபிளில் உள்ள கண்ணாடி இழையில் அதன் வேகம் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான். அப்படியென்றால் ஒரு மில்லி விநாடியில் 200 கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், சர்வர் இருக்கும் தூரத்தில் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 1 மில்லி விநாடி பிங் கட்டாயம் உண்டு. எவ்வளவு பணம் கட்டினாலும், எந்த ரவுட்டர் வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது.

தருமபுரியில் இருந்து மும்பை சர்வருக்கு...

தருமபுரியில் இருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 950 கிலோமீட்டர். ஆனால் கேபிள் நேர்கோட்டில் போகாது. நெடுஞ்சாலை, ரயில் பாதை ஓரமாகத்தான் பெரும்பாலும் புதைக்கப்படுகிறது. பெங்களூரு வழியாகப் போனால் சுமார் 1,100 கிலோமீட்டர், அதாவது 11 மில்லி விநாடி. உங்கள் நிறுவனம் எல்லா டேட்டாவையும் முதலில் சென்னைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து மும்பைக்கு அனுப்பினால், பாதை 1,600 கிலோமீட்டரைத் தாண்டும். பிங்கும் 16-க்குக் கீழே வராது. இதற்கு மேல் ரவுட்டர்களும் வீட்டு வைஃபையும் எடுக்கும் நேரம் தனி.

சிங்கப்பூர் என்றால்? சென்னையில் இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். தருமபுரி - சென்னை 300 கிலோமீட்டரையும் சேர்த்தால் 3,500. ஆக, குறைந்தபட்சமே 35 மில்லி விநாடி.

குறைக்கக்கூடிய பிங் எது?

பிங் சோதனையை 20 முறை ஓடவிட்டு, கிடைத்ததிலேயே குறைந்த எண்ணையும் சராசரியையும் பாருங்கள்.

குறைந்த எண் சரியாக இருந்து, சராசரி மட்டும் எகிறினால் வழியில் நெரிசல் என்று அர்த்தம். வைஃபையை விட்டு வயரில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் ராத்திரி நேரத்தில் மட்டும் எகிறினால், நெரிசல் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம் இருக்கும்.

குறைந்த எண்ணே தூரக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால், பாதையில் சிக்கல். உதாரணமாக, சென்னையில் உள்ள சர்வருக்கு தூரக் கணக்குப்படி 3 மில்லி விநாடி போதும். வயரில் இணைத்தும் எப்போதும் 70-க்குக் கீழே இறங்கவில்லையா? டேட்டா சிங்கப்பூர் வரை போய் சென்னைக்குத் திரும்பி வந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். இரண்டு நிறுவனங்கள் இந்தியாவுக்குள் நேரடியாக டேட்டாவைக் கைமாற்றிக்கொள்ளாதபோது இப்படி நடக்கும். இதைத் தவிர்க்கத்தான் 2003-ல் நிக்ஸி என்ற பரிமாற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. எந்த வழியாகப் போகிறது என்பதை `traceroute` (விண்டோஸில் `tracert`) காட்டிவிடும். இந்தப் புகாரை நிறுவனத்திடம் தாராளமாகக் கேட்கலாம், சரிசெய்யவும் முடியும்.

கணக்கைத் திருப்பியும் போடலாம். ‘சிங்கப்பூர் சர்வர்’ என்று காட்டி, பிங் 8 என்று வந்தால் அது சிங்கப்பூரே இல்லை. 8 மில்லி விநாடியில் போய் வர வேண்டுமானால் சர்வர் 800 கிலோமீட்டருக்குள்தான் இருக்க முடியும்.

எனவே பிங்குக்காக பெரிய பிளானுக்கு மாறுவதற்கு முன், சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். கேமில் ‘சிங்கப்பூர்’ என்று இருப்பதை ‘மும்பை’ என மாற்றும் வசதி இருந்தால், செலவே இல்லாமல் 20 மில்லி விநாடி வரை மிச்சமாகலாம்.