சிடி ஸ்கேன் நார்மல்னு வந்த பிறகும் இடி மாதிரி தலைவலி திரும்ப வந்தா?

1/ தலைவலியில ஒரு வகை இருக்கு. மெதுவா ஏறாது. நல்லா இருந்த ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிடும். "மண்டையில இடி விழுந்த மாதிரி", "யாரோ பின்னாடி இருந்து கட்டையால அடிச்ச மாதிரி"ன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. ஆங்கிலத்துலயும் இதுக்குப் பேரு தண்டர்கிளாப் தலைவலி.

2/ இப்படி ஒரு தலைவலி ஒரே ஒரு தடவை வந்தாலும் அது எமர்ஜென்சிதான். மூளை ரத்தக்குழாய்ல இருக்குற வீக்கம் வெடிச்சு ரத்தம் கசியுதானு முதல்ல பார்க்கணும். ஆறு மணி நேரத்துக்குள்ள சிடி எடுத்தா அந்தக் கசிவு பெரும்பாலும் தெரிஞ்சிடும். இதுவரைக்கும் ஓரளவு எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வர்றது, அந்த சிடி நார்மல்னு வந்ததுக்கு அப்புறம் நடக்குற கதை.

3/ ஒரு கேஸ் சொல்றேன். அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தியிருக்கேன். 41 வயசு அம்மா, துணிக்கடையில வேலை. வெந்நீர்ல குளிக்கும்போது திடீர்னு உச்சகட்ட தலைவலி, ரெண்டு தடவை வாந்தி. மூணு மணி நேரத்துல சிடி எடுத்தாச்சு, நார்மல். அதுக்குள்ள வலியும் குறைஞ்சிடுச்சு. வலி மாத்திரை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

4/ மூணாவது நாள் டாய்லெட்ல முக்கும்போது அதே இடி. ஒரு மணி நேரம் இருந்துட்டு போயிடுச்சு. "அதான் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னாங்களே"ன்னு வீட்டுலயே படுத்துட்டாங்க. அஞ்சாவது நாள் தண்ணி வாளியைத் தூக்கும்போது மறுபடியும். அப்பதான் எங்ககிட்ட வந்தாங்க. பிரஷர் 170/100.

5/ இந்த வரிசையைக் கவனிங்க. சில நாள் இடைவெளியில திரும்பத் திரும்ப வருது. குளிக்கும்போது, முக்கும்போது, பளு தூக்கும்போது வருது. சிலருக்கு உடலுறவின்போது, இருமும்போது, கோபப்படும்போது வரும். இப்படி வந்தா முதல்ல நினைக்க வேண்டிய நோய் ஆர்சிவிஎஸ். மூளைக்குப் போற ரத்தக்குழாய்கள் தற்காலிகமா இறுக்கிப் பிடிச்சுக்கிற நோய்.

6/ குழாய்ல அடைப்பு இல்லை, அழற்சியும் இல்லை. குழாயைச் சுத்தி இருக்குற தசை எப்ப இறுகணும், எப்ப தளரணும்ங்கிற கட்டுப்பாடு கொஞ்ச நாளைக்குக் குலைஞ்சு போகுது. அதனால ஆஞ்சியோகிராம்ல ஒரு இடம் சுருங்கி, அடுத்த இடம் விரிஞ்சு, மணி கோத்த மாதிரி தெரியும்.

7/ அப்ப முதல் நாள் ஏன் தெரியலை? சுருக்கம் நுனியில இருக்குற சின்னக் குழாய்கள்ல ஆரம்பிச்சு, நாளாக ஆக அடியில இருக்குற பெரிய குழாய்களுக்கு நகருதுனு கருதப்படுது. சாதாரண சிடியில குழாயோட சுருக்கம் தெரியாது. முதல் வாரத்துல ஆஞ்சியோகிராம் எடுத்தாக்கூட நார்மலா இருக்கலாம். ஆக, நார்மல் ரிப்போர்ட் அன்னைக்கு எடுத்த படத்துக்கான பதில் மட்டும்தான். அடுத்த ரெண்டு வாரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

8/ அந்த அம்மாவுக்கு மறுபடி எடுத்த சிடியில மூளையோட மேற்பரப்புல மெல்லிசா ஒரு கோடு ரத்தம். சிடி ஆஞ்சியோகிராம்ல வீக்கம் எதுவும் இல்லை, ஆனா மணி கோத்த மாதிரி குழாய்கள். நோய் என்னனு தெரிஞ்சது. ஏன் வந்ததுங்கிறதுதான் பாக்கி.

9/ "என்ன மருந்து சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டப்ப "ஒண்ணும் இல்லைங்க"ன்னாங்க. "சளி, மூக்கடைப்புக்கு ஏதாவது?"ன்னு கேட்டதும்தான் பையில இருந்து அட்டை வெளிய வந்தது. மெடிக்கல்ல கேட்டு வாங்கினது. ஒன்பது நாளா தினம் மூணு வேளை. ராத்திரி மூக்குக்கு சொட்டு மருந்து வேற. இது போக நாலு மாசமா மன அழுத்தத்துக்கு எஸ்சிட்டலோபிராம்.

10/ மூக்கடைப்பைத் திறக்குற மருந்து வேலை செய்றதே ரத்தக்குழாயைச் சுருக்கித்தான். ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின், மூக்குச் சொட்டுல வர்ற ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் எல்லாம் இந்த வகை. மைக்ரேனுக்குத் தர்ற டிரிப்டான், எர்காட் மருந்துகள், செரட்டோனினைக் கூட்டுற மன அழுத்த மருந்துகள், கஞ்சா, கொகெய்ன் இதெல்லாமும் தூண்டலாம். பிரசவமான முதல் சில வாரங்களும் அப்படிப்பட்ட காலம்தான்.

11/ பயமுறுத்தலை. கோடிக்கணக்கான பேர் சளி மாத்திரை போடுறாங்க, அவங்கள்ல மிக மிகச் சிலருக்குத்தான் இது வரும். எந்தத் தூண்டுதலும் இல்லாமயும் வரும். 2007ல வெளியான பாரிஸ் ஆய்வுல 67 நோயாளிகள்ல மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலானவங்களுக்குக் காரணம் கிடைக்கலை. ஆனா அரிதுங்கிறதுக்காக ஒதுக்கிட முடியாது. சூடோஎஃபெட்ரின் விஷயத்துல ஐரோப்பிய மருந்து முகமை இதே நோயைக் காரணம் காட்டி ஆய்வு பண்ணி, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமும் தீவிர சிறுநீரக நோயும் உள்ளவங்களுக்குத் தரக்கூடாதுனு 2024ல உறுதி பண்ணுச்சு.

12/ சிகிச்சை என்ன? முதல்ல தூண்டுற மருந்தை நிறுத்தணும். சளி மாத்திரையும் சொட்டும் அன்னைக்கே நிறுத்தினோம். மன அழுத்த மாத்திரையை மனநல மருத்துவரோட பேசி மாத்தினோம். நீங்களா அதைப் பட்டுனு நிறுத்திடாதீங்க. அப்புறம் ஓய்வு, முக்காம இருக்க மலமிளக்கி, தலையில வெந்நீர் வேண்டாம், வலிக்குப் பாராசிட்டமால். பிரஷரையும் ரொம்பக் கீழ இறக்கிடாம பார்த்துக்கணும். நிமோடிபின் கொடுத்தோம். அது தலைவலியைக் குறைக்கலாம், பக்கவாதத்தைத் தடுக்கும்னு நிரூபணம் இல்லை.

13/ செய்யக்கூடாதது ரெண்டு. ஒண்ணு, மைக்ரேன்னு நினைச்சு டிரிப்டான், எர்காட் கொடுக்குறது. சுருங்கின குழாயை அது இன்னும் சுருக்கும். ரெண்டு, ஆஞ்சியோகிராமைப் பார்த்து ரத்தக்குழாய் அழற்சினு நினைச்சு ஸ்டீராய்டு ஏத்துறது. ஸ்டீராய்டு வாங்கின நோயாளிகளோட நிலைமை மோசமானதாத்தான் ஆய்வுகள் சொல்லுது.

14/ முடிவு பெரும்பாலும் நல்லாவே இருக்கும். புது இடி வர்றது பொதுவா ரெண்டு, மூணு வாரத்துல நின்னுடும். மூணு மாசத்துல குழாய்கள் பழைய நிலைக்கு வந்துடும். இந்த அம்மாவுக்குப் பதினோராவது நாளோட நின்னது, 12 வாரத்துல எடுத்த ஆஞ்சியோகிராம் நார்மல். லேசான தலைவலி மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. அது பலருக்கும் இருக்கும். ஆனா சிலருக்கு நடுவுல மூளையில ரத்தக்கசிவோ பக்கவாதமோ வருது. கசிவு பெரும்பாலும் முதல் வாரம், பக்கவாதம் அதுக்கு அப்புறம். அதாவது தலைவலி குறைஞ்சு "சரியாயிடுச்சு"ன்னு நினைக்கிற நேரத்துல. பேச்சுக் குழறினா, கை கால் மரத்தா, பார்வை மங்கினா, வலிப்பு வந்தா உடனே 108.

15/ இப்ப என் கருத்து. இடி மாதிரி தலைவலியோட வந்தவரை நார்மல் சிடியோட வீட்டுக்கு அனுப்பும்போது, அந்தச் சீட்டுல ரெண்டு வரி எழுதணும். "திரும்ப வந்தா அன்னைக்கே வாங்க." "சளி மருந்து, மூக்குச் சொட்டு, மைக்ரேன் மாத்திரை கேட்காம போடாதீங்க." அதுக்கு மிஷினோ ஸ்பெஷலிஸ்டோ வேண்டாம், ஒரு பேனா போதும். சின்ன ஆஸ்பத்திரியிலகூட இது முடியும்.

16/ உங்ககிட்ட கேக்குறதும் ஒண்ணுதான். டாக்டர் "என்ன மருந்து"ன்னு கேட்டா சுகர், பிரஷர் மாத்திரையோட நிறுத்திடாதீங்க. போன ஒரு மாசத்துல மெடிக்கல்ல வாங்கின சளி மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு வாங்க. பேரு தெரியலைன்னா அட்டையைப் போட்டோ எடுத்துக்கோங்க. அதுவும் மருந்துதான்.