கொள்ளி வைத்தவன் கணக்கு

அப்பா செத்த பதினேழாம் நாள். பந்தல் பிரித்த குழிகள்கூட இன்னும் மூடவில்லை. கூடத்தில் அண்ணன், இரண்டு தங்கைகள், ஓரமாக அம்மா. நடுவில் பத்திர எழுத்தர். "எல்லாச் செலவும் நான்தானே பண்ணினேன்? நீங்க ரெண்டு பேரும் வீட்டுல பாகம் வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடுங்க" என்கிறார் அண்ணன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. உங்கள் தெருவிலும் நடந்திருக்கும்.

நான் பி.காம். படித்தவன். அழுகை ஓய்ந்ததும் முதலில் பற்று வரவைத்தான் பார்ப்பேன். அண்ணன் காட்டிய தொகை 2,40,000 ரூபாய். அதில் கடைசி பத்து நாள் ஆஸ்பத்திரி பில் 1,10,000. ஃப்ரீசர் பாக்ஸ், அமரர் ஊர்தி, பூ, மயானம், புரோகிதர் எல்லாம் சேர்த்து 40,000. மிச்சம் 90,000, பதினாறாம் நாள் கறி விருந்து. முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். போஸ்டரில் அண்ணன் படம் அப்பா படத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அதை விடுங்கள்.

இதில் எது அண்ணன் தலையில், எது அப்பா சொத்தின் தலையில்?

1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 320-வது பிரிவு என்று ஒன்று உண்டு. இறந்தவரின் நிலைக்குத் தகுந்த, நியாயமான அளவு ஈமச் செலவையும், கடைசிக் கால வைத்தியச் செலவையும் மற்ற எல்லாக் கடனுக்கும் முன்னால் அவர் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. கடன்காரர்கூட அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கணும். முஸ்லிம் சட்டத்திலும் அடக்கச் செலவுதான் முதலில், அப்புறம்தான் கடன், உயில், பாகம். ஆக, தன் சாவுக்கான செலவைச் செத்தவர்தான் கொடுக்கிறார். முன்பணம் போட்ட மகன் அதைத் திரும்பக் கேட்கலாம். கேட்பதில் கேவலம் ஒன்றுமில்லை. 'பெத்த அப்பனுக்குச் செஞ்சதைக் கணக்குக் கேக்குறான் பாரு' என்று முணுமுணுக்கும் மாமாக்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளவும்.

ஆனால், சட்டம் சொல்வது 'நியாயமான' செலவு. முந்நூறு பேருக்குக் கறிச்சோறு அண்ணனின் கௌரவம். தங்கைகளைக் கேட்டு, அவர்கள் சரி என்றிருந்தால் பங்கு போடலாம். இங்கே கேட்கவே இல்லை. போதாக்குறைக்கு, அன்று வந்த மொய் 38,000 அண்ணன் பையில். செலவுக் கணக்கு எழுதிய நோட்டில் அந்த வரவு மட்டும் காணோம்!

சரி, போட்டுப் பார்ப்போம். அப்பாவின் வங்கி டெபாசிட் 9,00,000. நாமினி அண்ணன். நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், முதலாளி இல்லை. இதில் 1,50,000 முதலில் அண்ணனுக்கு. மளிகைக்கடை பாக்கி 50,000 அடுத்து. மிச்சம் 7,00,000. உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், இரண்டு தங்கைகள் என நாலு சம பங்கு; தலைக்கு 1,75,000. யார் கொள்ளி வைத்தார்கள் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

வாதத்துக்கு விருந்தையும் சேர்த்து 2,40,000-ஐ அப்படியே ஒத்துக்கொள்வோம். நாலால் வகுத்தால் ஒரு தங்கையின் சுமை 60,000. வீடோ அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது. மதிப்பு நாற்பது லட்சம். ஒரு தங்கையின் பாகம் பத்து லட்சம். அறுபதாயிரத்துக்குப் பத்து லட்சம் எழுதிக் கேட்கிறார் அண்ணன். கந்துவட்டிக்காரன்கூடக் கூச்சப்படுவான்.

'கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே' என்பீர்கள். போட்டது அப்பா. உயிரோடு இருந்தபோது, அவர் இஷ்டத்துக்கு.

அண்ணன்மார்களே, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நடுராத்திரியில் ஆம்புலன்ஸுக்கு அலைந்தவர் நீங்கள்தான். அந்தப் பணம் உங்களுக்கு வரணும். அதற்கு ரசீது வேணும். ஃப்ரீசர் பாக்ஸ்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கி வையுங்கள். மயானத்து ரசீதைச் சட்டைப்பையில் போட்டுத் துவைக்காதீர்கள். அப்பாவின் ஏ.டி.எம். கார்டை எடுத்து, செத்த பிறகு பணம் உருவாதீர்கள்; செலவு நியாயமானதாக இருந்தாலும் எடுத்த விதம் தப்பு, நாளை தங்கை வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். விருந்துக்கு முன்னால், பின்னால் இல்லை, எல்லாரையும் உட்காரவைத்து எவ்வளவு, யார் பங்கு என்று பேசுங்கள். மொய் நோட்டையும் நடுவில் வையுங்கள்.

தங்கைகளுக்கு ஒன்று. பத்திரம் பதிவான பிறகு, 'அழுதுட்டிருந்தேன், படிக்காம போட்டுட்டேன்' என்று அதை ரத்து செய்ய வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்கணும்.

அந்தக் கூடத்தில் பெரிய தங்கை பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'மொய் வரவு 38,000' என்று எழுதி, அண்ணன் பக்கம் தள்ளினாள்.