அந்த எச்.ஆர். புரொஃபைல் யாருக்காக எழுதப்படுகிறது?

அரசியல் சட்டத்தின் 16(4) அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தனியார் கம்பெனிக்குள் அது நுழைவதில்லை. ஆகவே பழைய மகாபலிபுரம் சாலையிலோ கோவை சரவணம்பட்டியிலோ வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு வாசலில் நிற்கிற ஆள் எச்.ஆர்.தான். அவரை இவர்கள் முதலில் சந்திப்பது லிங்க்ட்இன்னில். வேலை அறிவிப்புக்குக் கீழே அவர் பெயர் இருக்கும். பிள்ளை அதைத் தொட்டு, அவருடைய புரொஃபைலைப் படித்து, விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்கிறது.

நாங்கள் பார்த்த புரொஃபைல்களில் பெரும்பாலானவை அந்தப் பிள்ளைக்காக எழுதப்படவில்லை. இன்னொரு எச்.ஆருக்காகவும், அடுத்து வேலை தரப்போகும் முதலாளிக்காகவும் எழுதப்பட்டவை. 'மனிதர்களை நேசிப்பவர்', 'திறமையையும் வாய்ப்பையும் இணைப்பவர்', 'தகுதிக்கு முதலிடம்' என்று வரிசையாக இருக்கும். எந்த வேலைக்கு எடுக்கிறார், எப்படி எடுக்கிறார் என்பதற்கு ஒரு வரி இருக்காது.

'தகுதிக்கு முதலிடம்' என்ற சொல்லை நாங்கள் ஏன் நம்புவதில்லை என்று சொல்லிவிடுகிறோம். 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே அளவு படிப்பும் அனுபவமும் காட்டி, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 எச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதிதான் முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் 'குடும்பப் பின்னணி'யையும் கேட்டுத் தெரிந்துகொள்வதாகச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவது பெரும்பாலும் போய்விட்டது. அது சுயமரியாதை இயக்கம் தந்த கொடை. ஆனால் சாதியைக் கண்டுபிடிக்க இங்கே பெயர் தேவையில்லை, ரெஸ்யூம் போதும். நம் ஊர்க் கல்லூரிகளில் பழக்கும் ரெஸ்யூமின் கடைசியில் ஒரு பெட்டி இருக்கும்: அப்பா பெயர், அப்பா தொழில், மதம், நிரந்தர முகவரி. சில பிள்ளைகள் கம்யூனிட்டி என்ற வரியையும் சேர்த்துவிடுகிறார்கள். மேலே கல்வி விவரத்தில் 'அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்று பள்ளிப் பெயர் இருக்கும். முகவரியில் காலனி என்று இருக்கும். இத்தனையும் ஒரு சாஃப்ட்வேர் சோதனை வேலைக்கு எதற்கு?

இங்கிருந்துதான் நல்ல புரொஃபைல் தொடங்க வேண்டும் என்கிறோம். வேலை தெரிந்த எச்.ஆருக்கு எதைக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும். அதை விண்ணப்பதாரர் படிக்கிற இடத்தில் எழுதியும் வைப்பார்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி சென்னையில். புதிதாகப் படித்து முடித்தவர்களிலிருந்து 10 டெஸ்ட் இன்ஜினியர் எடுக்க வேண்டும். அந்த எச்.ஆரின் ஹெட்லைன் இப்போது இப்படி இருக்கிறது: 'எச்.ஆர். புரொஃபஷனல், டேலன்ட் அக்விசிஷன், பீப்பிள் பெர்சன்.' லிங்க்ட்இன் ஹெட்லைனுக்குத் தரும் இடம் 220 எழுத்து. தேடலில் பெயருக்குக் கீழே தெரிவது அதன் முன்பகுதிதான். அங்கே 'பீப்பிள் பெர்சன்' உட்கார்ந்திருப்பது வீண். 'சென்னையில் டெஸ்டிங், சப்போர்ட் வேலைகளுக்குப் புதியவர்களை எடுக்கிறேன். எல்லோருக்கும் ஒரே எழுத்துத் தேர்வு, ஒரே கேள்விகள்' என்று எழுதினால், தேடுகிற பிள்ளைக்கு இவர் தனக்கான ஆளா என்று உடனே தெரியும்.

அடுத்தது அபவுட் பகுதி. 2,600 எழுத்து வரை எழுதலாம் என்றாலும் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் திறந்திருக்கும், மீதியை அழுத்தித்தான் படிக்க வேண்டும். எனவே விண்ணப்பதாரருக்கு வேண்டியது முதலில் வர வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். அதன் சாரத்தை நாங்கள் தமிழில் தருகிறோம்:

'என்னிடம் விண்ணப்பித்தால் நடப்பது இது. முதலில் 45 நிமிட எழுத்துத் தேர்வு. அதன் மாதிரி கீழே ஃபீச்சர்டு பகுதியில் இருக்கிறது. தேறியவர்களுக்கு இரண்டு பேர் நடத்தும் ஒரு நேர்காணல். எல்லோருக்கும் அதே ஆறு கேள்விகள். உங்கள் ரெஸ்யூமில் பள்ளிப் பெயர், அப்பா பெயர், அப்பா தொழில், மதம், சாதி, வீட்டு முகவரி வேண்டாம். போட்டோ வேண்டாம். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் பத்து வேலை நாளில் பதில் வரும். எந்தக் கட்டத்திலும் பணம் கேட்க மாட்டோம், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம்.'

கடைசி வாக்கியத்தைச் சிறியதாக நினைக்க வேண்டாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று போலி ஆட்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுவது, விசாரித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தான். அசல் எச்.ஆர். அந்த ஒரு வரியை எழுதி, கம்பெனி மின்னஞ்சல் வழியே தன் கணக்கையும் சரிபார்த்து வைத்தால், போலியை ஒப்பிட்டுப் பார்க்க பிள்ளைக்கு ஓர் அளவு கிடைக்கும்.

'ஒரே கேள்விகள்' என்பதற்கும் காரணம் இருக்கிறது. எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டு, எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்பே எழுதி வைத்து நடத்தும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது. இது தேர்வுமுறை ஆய்வுகள் பல காலமாகச் சொல்லிவருவது. 2022-இல் பால் சாக்கெட் குழு பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோதும் இந்த முறைதான் முன்வரிசையில் நின்றது. நமக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. 'சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு?' என்று அரட்டைபோல நுழையும் விசாரணைக்கு அந்த ஆறு கேள்விக்குள் இடமில்லை.

இனி நிபுணத்துவம். 'ஐந்நூறு பேருக்கு மேல் வேலைக்கு எடுத்திருக்கிறேன்' என்று எழுதுவது நிபுணத்துவத்தைக் காட்டாது, பரபரப்பைத்தான் காட்டும். எடுத்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். எந்த விதியைச் சோதித்துப் பார்த்தார் என்று சொன்னால் இன்னும் நல்லது.

நம் ஊரில் சோதித்தே ஆக வேண்டிய விதி '60 சதவீதம் த்ரூஅவுட்'. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60-க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு பெண் பத்தாவதில் 71, பன்னிரண்டாவதில் 54, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்சில் 68 வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் இல்லாத பள்ளியில் படித்த அந்த ஒரு வருடத்துக்காக அவள் விண்ணப்பம் எந்த மனிதக் கண்ணிலும் படாமல் கழிந்துபோகும். வடிகட்டியவருக்கு அவள் சாதி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விதியே அந்த வேலையைச் செய்துவிடும்.

விதி சரிதானா என்று பார்க்க, வேலையில் இருப்பவர்களின் பன்னிரண்டாவது மதிப்பெண்ணையும் அவர்களுடைய வேலை மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். அது பாதிக் கணக்குதான். 60-க்குக் கீழே வாங்கியவர்கள் உள்ளேயே வரவில்லையே, அவர்களைப் பற்றி அந்தத் தாள் எப்படிப் பேசும்? ஒரு பேட்சுக்கு விதியை நிறுத்தி வைத்து, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்து, மதிப்பெண் பார்க்காமல் திருத்தி, எடுத்தவர்களை ஆறு மாதம் கவனிக்க வேண்டும். பத்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, இரண்டு மூன்று பேட்ச் பார்க்க வேண்டும். இதைச் செய்து, கம்பெனி அனுமதியோடு எண்ணிக்கையை மட்டும் புரொஃபைலில் எழுதுகிற எச்.ஆர். நிபுணர். 'விதி இருந்திருந்தால் இத்தனை பேர் வெளியே நின்றிருப்பார்கள். அவர்களில் இத்தனை பேர் இன்றும் வேலையில் இருக்கிறார்கள்' என்ற ஒரு வரிக்கு முன்னால் எந்தச் சான்றிதழ்ப் பட்டியலும் நிற்காது.

இதை ஏன் எண்ணிக்கையோடு நிறுத்தச் சொல்கிறோம் என்றால், இன்னொரு வகை எச்.ஆர். இருக்கிறார். 'வாட்ச்மேன் மகனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன், கண் கலங்கினான்' என்று அந்தப் பிள்ளையின் போட்டோவோடு பதிவு போடுவார். ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும்போது அந்தப் பையனின் அப்பா யார், வீடு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தேர்வெழுதி வந்தவனை இரக்கத்தால் வந்தவனாக மாற்றுகிற பதிவு அது. அப்படிப்பட்ட புரொஃபைலைப் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறோம்.

பன்மைத்துவப் பதாகைகளையும் கவனித்துப் படிக்க வேண்டும். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பால்புதுமையினர் என்று வரிசை நீளும். நல்லது, நீளட்டும். ஆனால் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு எழுதும் அந்த வரிசையில் சாதி என்ற சொல் மட்டும் விடுபட்டிருக்கும். அமெரிக்கக் கம்பெனியான ஆப்பிள் 2020-இலேயே தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்தது. சென்னையில் இருப்பவருக்கு அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது என்றால், காரணத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.

புரொஃபைலால் முடியாததும் உண்டு. கடைசி முடிவு பெரும்பாலும் எச்.ஆர். கையில் இல்லை, டீம் மேலாளர் கையில் இருக்கிறது. 'நல்ல பையன்தான், நம்ம டீமுக்கு செட் ஆக மாட்டான்' என்று அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஊழியர் பரிந்துரையில் நிரம்பும் இடங்கள் வெளியே தெரிவதே இல்லை, ஊழியர்களின் சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றி வரும். எச்.ஆர். தன் புரொஃபைலில் எழுதியதை மேலாளரின் மதிப்பெண் தாளில் காப்பாற்ற முடியாவிட்டால் அது வெறும் விளம்பரம். ஆனால் எழுதி வைத்த வாக்குறுதிக்கு ஒரு பயன் உண்டு. பத்து நாளில் பதில் வரவில்லை என்றால், ஏழாவது கேள்வியாக ஊர் பெயர் வந்தால், பிள்ளை அந்த வரியைச் சுட்டிக்காட்டிக் கேட்க முடியும்.

நியாயமான வேலைமுறை இருக்கிறது என்று சொல்லும் எச்.ஆர்.களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: அந்த முறையை உங்கள் புரொஃபைலில் எழுதுங்கள். நல்ல ஆட்கள் கிடைப்பதில்லை என்று வருடாவருடம் புலம்புகிறீர்கள். உங்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமல் போனவர்களை நீங்கள் இதுவரை எண்ணியதே இல்லை.