நேர்கோடு எதற்குச் சாட்சி?

உணவுப் பகுப்பாய்வுச் செய்முறைத் தேர்வில் காரட்டின் பீட்டா கரோட்டினை மதிப்பிடச் சொன்னால், மாணவரின் கவனம் முழுவதும் அளவுத்திருத்தக் கோட்டின் மீதே குவிகிறது. R² மதிப்பு 0.999 என வந்துவிட்டால் விடையும் சரி என்று கொள்ளப்படுகிறது. ஆனால் அக்கோடு திட்டக் கரைசல்களுக்கு மட்டுமே சாட்சி, மாதிரிக்கு அன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பெட்ரோலியம் ஈதரில், 450 நானோமீட்டரில், மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் ஏறத்தாழ 0.26 ஒளி உட்கவர்வு தரும். திட்டக் கரைசல்கள் 0.5 முதல் 2.5 மைக்ரோகிராம் வரை என்றால், கோடு 0.65இல் முடிகிறது. காரட் சாறோ 1.40 காட்டுகிறது. மாணவர் கோட்டை நீட்டி 5.4 மைக்ரோகிராம் என எழுதுகிறார். அதே சாற்றை ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து அளந்தால் 0.31 கிடைக்கிறது, ஐந்தால் பெருக்க விடை 6.0 ஆகிறது.

பத்தில் ஒரு பங்கு எங்கே மறைந்தது? உட்கவர்வு 1.40 என்றால் கருவியின் உணரியை எட்டுவது 4 விழுக்காடு ஒளியே. அதில் ஒரு விழுக்காடு அளவுக்கு வேற்று அலைநீள ஒளி கசிந்து கலந்தாலும் அளவீடு தாழ்ந்துவிடும். நீர்க்கச் செய்து மீண்டும் அளந்தாலன்றி இப்பிழை வெளிப்படாது. R² இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நீர்த்தும் தீராத குறை ஒன்றுண்டு. உட்கவர்வு எவ்வளவு நிறம் என்று சொல்லும். எதன் நிறம் என்று சொல்லாது. மிளகாய்த்தூளின் நிறமதிப்பை அசிட்டோன் சாற்றில் 460 நானோமீட்டரில் அளப்பது வணிக வழக்கம். சூடான் 1 என்னும் தடைசெய்யப்பட்ட சாயமும் அப்பகுதியிலேயே ஒளியைக் கவர்கிறது. 2003 மே மாதத்தில், இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருள்களில் அச்சாயம் இருப்பதைப் பிரான்சு அறிவித்தது. கலப்படத் தூளுக்கு இவ்வளவீடு உயர்ந்த மதிப்பையே தந்திருக்கும். சாயத்தைப் பிரித்தறியக் குரோமட்டோகிராபி வேண்டும். காரட்டிலும் ஆல்ஃபா கரோட்டின் கலந்தே இருப்பதால், பிரிக்காத சாற்றின் விடையைப் ‘பீட்டா கரோட்டினாகக் கணக்கிட்ட மொத்தக் கரோட்டினாய்டு’ என்று எழுதுவதே நேர்மை.

எனவே தேர்வாளர், கோட்டின் அழகுக்கு அளிக்கும் மதிப்பெண்ணில் பாதியை வேறு இரண்டு வினாக்களுக்கு மாற்றலாம். மாதிரியின் அளவீடு திட்டக் கரைசல்களின் எல்லைக்குள் இருந்ததா? இல்லையெனில் மாணவர் என்ன செய்தார்? விடையாக எழுதிய எண் எந்தப் பொருளைக் குறிக்கிறது? இவற்றுக்கு விடை சொல்லாத மாணவர் கோடு வரையக் கற்றிருக்கிறார். உணவைப் பகுத்தாயக் கற்றாரா என்பதைத் தேர்வு இன்னும் அறியவில்லை.