மேல் வீட்டு பாத்ரூம், கீழ் வீட்டு ஒழுக்கு

அடுக்குமாடி வீடுகளில் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நிற்பதற்கு முக்கால்வாசி காரணம் பாத்ரூம் ஒழுக்குதான். பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்பிலும் அதே கதை. எங்கள் பாத்ரூம் கூரையில் ஈரம் பரவி சிமெண்டு உதிர்ந்தது. மேல் வீட்டு அக்காவிடம் சொன்னால், "எங்க வீட்டுத் தரையில ஒரு சொட்டுத் தண்ணி நிக்கலியேம்மா" என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

மாடி வீட்டு பாத்ரூமில் தளத்தை ஏறக்குறைய ஓரடி பள்ளமாக இறக்கித்தான் கட்டுகிறார்கள். அந்தக் குழிக்குள் கழிவுக் குழாய்களைப் போட்டு, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். உள்ளே குழாய் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் தொட்டி மாதிரி அங்கேயே தேங்கும். மேலே தெரியாது. கீழ் வீட்டுக்காரிதான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

உடனே டைல்ஸை உடைக்க வேண்டாம் என்றார் எங்கள் பிளம்பர். பங்குனி உத்திரத்துக்கு அக்கா குடும்பம் சாஸ்தா கோவிலுக்குப் போய் ஐந்து நாள் வீடு பூட்டிக் கிடந்தது. வால்வை மூடாமலே போனார்கள். அப்படியும் சொட்டு நாளுக்கு நாள் குறைந்து நின்றேவிட்டது. நல்ல தண்ணீர்க் குழாயில் ஓட்டை இருந்தால் ஆளில்லாவிட்டாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே கோளாறு கழிவுப் பக்கம்.

அவர்கள் வந்ததும் தரைத் துவாரத்தைத் துணியால் அடைத்து ஒரு ராத்திரி தண்ணீர் நிறுத்தினோம். மட்டம் இறங்கவில்லை. அப்புறம் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து கக்கூஸ் கோப்பையில் ஊற்றினோம். மறுநாள் எங்கள் கூரையில் நீலக்கறை!

மாமியாருக்கு முட்டுவலி என்று மூன்று வருஷம் முன்பு வெஸ்டர்ன் டாய்லெட் மாற்றியிருக்கிறார்கள். புதுக் குழாய் போடக் குழியைத் தோண்டிய கொத்தனார், அடியில் பூசியிருந்த நீர்த்தடுப்புப் பூச்சையும் கொத்திவிட்டார். குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் வெறும் மணல் சிமெண்டு அடைத்திருந்தார். வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் அது ஒட்டிப் பிடிக்காது.

இப்போது இணைப்பைச் சரிசெய்து, குழியின் தளத்திலும் சுவரிலும் மறுபடி பூச்சடித்து, டைல்ஸ் ஒட்டும் முன்பே 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளைக்கும் கொத்தனார்கள் அவசரப்படுவார்கள். நாம்தான் விடக்கூடாது. டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்டு பூசுவதெல்லாம் இந்தக் கோளாறுக்கு வீண் செலவு.

புது வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவான குடியிருப்பு என்றால், வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் வரும் கட்டுமானக் குறையை எழுதிக் கொடுத்தால், 30 நாளில் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். எங்களுடையது பழைய கட்டடம். குழாயை மாற்றியவர்களே செலவையும் ஏற்பதுதான் நியாயம் என்பது என் கட்சி. அக்காவும் மறுக்கவில்லை, எங்கள் கூரைப் பூச்சுக்கு மட்டும் நாங்கள் கொடுத்தோம்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.