‘கல்விக்காக மட்டும்’ என்று போட்டால் போதுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் பலரும் முதலில் எடுப்பது போனைத்தான். சம்பளத்தை எப்படிச் சேமிப்பது என்று சொல்லும் சேனல்களுக்கு இப்போது பஞ்சமே இல்லை. அவற்றில் எதை நம்பலாம்?

பணம் எப்படி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் பொதுவாக விளக்குவதற்குத் தடையில்லை. பி.எஃப். என்றால் என்ன, எஸ்.ஐ.பி. எப்படிப் போகும் என்றெல்லாம் யாரும் பேசலாம். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு, ‘நீங்கள் இதில் போடுங்கள்’ என்று ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த யூடியூபர் பி.ஆர்.சுந்தர், பதிவு இல்லாமல் கட்டணத்துக்கு முதலீட்டு ஆலோசனை தந்தார் என்று செபிக்குப் புகார் போனது. விஷயம் 2023 மே மாதம் சமரசத்தில் முடிந்தது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், அவர் தரப்பு வட்டியுடன் சுமார் 6 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்டியது. சமரசத் தொகை தனி. ஓராண்டு பங்குகளை வாங்கவோ விற்கவோ மாட்டோம் என்றும் ஒப்புக்கொண்டது. அதாவது, வீடியோவின் அடியில் ‘கல்விக்காக மட்டும்’ என்று போடுவது பதிவுக்கு ஈடாகாது.

2025 ஜனவரி 29 அன்று செபி இன்னொரு கோட்டையும் போட்டது. கல்வி மட்டும் தருகிறேன் என்பவர், கடந்த 3 மாத விலையைக் காட்டி ஒரு பங்கின் எதிர்காலத்தைப் பேசக் கூடாது. ‘பாடம்’ என்ற பெயரில் இந்த வாரச் சார்ட்டைக் காட்டி ‘இது ஏறும்’ என்றால், அங்கேயே உஷாராகிவிடலாம்.

நேர்மையான சேனலுக்கும் எல்லை உண்டு. ‘மாதம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுங்கள்’ என்ற வீடியோவை 20,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவர் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு கிரெடிட் கார்டில் 30,000 ரூபாய் பாக்கி. மாத வட்டி 3.5 சதவிகிதம் என்றால், மாதம் 1,050 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அவர் முதலில் அடைக்க வேண்டியது அந்தக் கடனை. ஒப்பந்தத் தொழிலாளி என்றால், வேலை இல்லாத மாதங்களுக்கான கையிருப்பும் முக்கியம். இதெல்லாம் வீடியோ போட்டவருக்குத் தெரியாது. நல்ல சேனல் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். வருமானத்துக்கு உத்தரவாதமும் தராது.

பணம் கட்டி ஆலோசனை கேட்பதாக இருந்தால், முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகரின் எண் INA என்றும், பங்குகளைப் பரிந்துரைக்கும் ஆய்வாளரின் எண் INH என்றும் தொடங்கும். அந்த எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று sebi.gov.in தளத்தில் நீங்களே பாருங்கள். அவர் திரையில் காட்டும் சான்றிதழ் மட்டும் போதாது. பதிவு இருக்கிறது என்பதற்காக லாபம் நிச்சயம் என்றும் ஆகிவிடாது. தவறு நடந்தால் செபியின் SCORES தளத்தில் புகார் செய்ய ஒரு வழி இருக்கிறது, அவ்வளவுதான்.